ஓரத்தில் எழுதிய கை

கட்டுகஸ்தோட்டையில் மாதமொருமுறை எங்கள் பெண்கள் குழு கூடும்போது ஒரு கதை சொல்வது வழக்கம். போரில் துணையை இழந்து, ஊரைவிட்டு இங்கு வந்து குடியேறியவர்கள் சிலரும் அதில் இருக்கிறார்கள். கடைசியாக நான் சொன்னது 2005 இல் வெளிவந்த ஹாரி பொட்டர் வரிசையின் ஆறாவது நூலில் வரும் ஒரு பகுதி. மந்திரக் கதைதானே என்று தள்ளிவிடாதீர்கள்.

ஹாரிக்குப் பதினாறு வயது. தாயையும் தகப்பனையும் குழந்தையிலேயே கொலையில் பறிகொடுத்தவன். புத்தகம் இல்லாமல் மருந்துக் கலவை வகுப்புக்கு வந்தவனுக்கு ஆசிரியர் அலுமாரியிலிருந்து ஒரு பழைய பிரதியைக் கொடுக்கிறார். ஓரமெல்லாம் யாரோ பொடி எழுத்தில் எழுதிய குறிப்புகள். விதையை வெட்டும்படி அச்சில் இருக்கிறது. கத்தியின் தட்டையான பக்கத்தால் நசுக்கினால் சாறு கூட வரும் என்கிறது ஓரக்குறிப்பு. இஞ்சியைத் தட்டிப் போடுகிற நமக்கு இது புதிதல்ல. அவன் அப்படியே செய்தான், வகுப்பில் முதலாவதாக வந்தான்.

எழுதியவரின் பெயர் புத்தகத்தில் இல்லை. 'இளவரசன்' என்று ஒரு பட்டப்பெயர் மட்டும். இது அப்பாவாக இருக்குமோ என்று அவன் மனம் ஏங்குகிறது. அப்பாவின் நண்பரிடம் கேட்கிறான், இல்லை என்கிறார். பிறகு புத்தகம் அச்சான ஆண்டைப் பார்க்கிறான். ஏறத்தாழ ஐம்பது வருடப் பழசு. அப்பா அந்தக் காலத்தில் படித்திருக்க முடியாது என்று ஆசையை விட்டுவிடுகிறான்.

இங்கேதான் அவன் கணக்குப் பிழைக்கிறது. அச்சு ஆண்டு, அதற்கு முன் யாரும் அதில் எழுதியிருக்க முடியாது என்பதை மட்டுமே சொல்லும். எவ்வளவு காலம் பிந்தி எழுதினார்கள் என்பதைச் சொல்லாது. அது ஒரு தாய் படித்து, பிறகு மகன் கைக்கு வந்த புத்தகம். அந்த மகனோ ஹாரி வெறுக்கும் ஆசிரியர் ஸ்னேப், தகப்பனோடு ஒரே காலத்தில் படித்தவர்.

யார் எழுதியது என்று தெரியாமல் நம்பாதே என்று தோழி ஹெர்மயோனி எச்சரித்துக்கொண்டே இருந்தாள். கலவைக் குறிப்பு பிழைத்தால் ஒரு சட்டிதான் வீணாகும். ஆனால் ஓரிடத்தில், எதிரிகளுக்கு என்று மட்டும் குறித்து ஒரு மந்திரம் இருந்தது. அது என்ன செய்யும் என்று அறியாமலே ஹாரி அதைச் சக மாணவன்மேல் ஏவினான். அவன் உடல் வெட்டுண்டு இரத்தம் பெருகியது. காப்பாற்ற ஓடிவந்தவர் அந்த ஸ்னேப்தான்.

கதை முடிந்ததும் பெண்கள் மந்திரத்தை விட்டுவிட்டு எழுத்தைப் பற்றியே பேசினார்கள். அப்பாவின் எழுத்து ஒன்று கையில் இருந்தால் அவன் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பானே என்றார் ஒரு அம்மா. அவருடைய கணவரைப் பற்றி 2009 இற்குப் பிறகு தகவல் இல்லை.

"எங்களிட்ட ஒண்டு இருக்கு மிஸ். மகளின்ட இரண்டாம் வகுப்புத் தேர்ச்சி அறிக்கையில, பெற்றோர் கையொப்பம் எண்ட இடத்தில. பேரை முழுசா எழுதியிருக்கிறார். அவளுக்கு இப்ப கலியாணம் முடிஞ்சிட்டுது. அதைத் தா எண்டு கேக்கிறாள், நான் இன்னும் குடுக்கேல்ல."