விடுதிக்குப் பெயர் கேட்ட கடிதம்

பாளையங்கோட்டையில் நான் படித்த கல்லூரியின் விடுதிக்குப் பொருநை என்று பெயர். தாமிரபரணியின் பழைய பெயர் அது. யாரோ ஒரு தமிழ்ப் பேராசிரியர் வைத்தது என்று எங்கள் காலத்தில் சொல்லிக்கொண்டார்கள். எந்தப் பேராசிரியர் என்றால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். கல்லூரி மலருக்கு விடுதியின் வரலாற்றை எழுத ஒப்புக்கொண்டதும் முதலில் இதைத்தான் தேடினேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் யாரும் உரிமை கோரவில்லை. வழி காட்டியவர் விடுதியில் கணக்கெழுதிய பெரியவர். “பேரு வச்சது வாத்தியார் இல்ல சார், பயலுவதான். லெட்டர் போட்டுல்லா கேட்டாங்க. அந்த வருசத்து மெஸ் ஃபைலப் பாருங்க, அதுலதான் கெடக்கும்” என்றார்.

கிடந்தது. அரிசி, பருப்பு பில்களுக்கு நடுவே சைக்ளோஸ்டைல் எடுத்த ஒற்றைத் தாள். 1998-ஆம் ஆண்டு விடுதிக் குழு மாணவர்களுக்கு எழுதியது. கட்டடம் திறந்ததிலிருந்து ‘புதிய விடுதி’ என்றே வழங்குவதால் பக்கத்துக் கல்லூரியின் புதிய விடுதிக்குப் போகவேண்டிய மணியார்டர்கள் இங்கு வருகின்றன, ஆகவே நல்ல பெயர் சொல்லுங்கள் என்று தொடங்குகிறது. பிறகு விதிகள். ஒருவர் இரண்டு பெயர்வரை தரலாம். ஏன் அந்தப் பெயர் என்று மூன்று வரி எழுதவேண்டும். அதே அஞ்சலகத்துக்கு உட்பட்ட வேறு விடுதியின் பெயராக இருக்கக்கூடாது. சீட்டில் அறை எண் மட்டும் போதும், கையெழுத்து வேண்டாம். மெஸ் வாசலில் பெட்டி இருக்கும்.

நான்காவது விதியில்தான் நின்றுவிட்டேன். ஆட்பெயர் எதுவும் கூடாது. உயிருடன் இருப்பவராயினும் மறைந்தவராயினும், மன்னராயினும் தலைவராயினும் கூடாது. ஆறு, மலை, மரம், பூ இவற்றின் பெயர் வரவேற்கப்படும் என்று இருந்தது. விடுதலைப் போராட்ட வீரர்களைப் பெற்ற மண்ணில், அவர்கள் பெயரைக்கூட வேண்டாம் என்று ஒரு குழு ஏன் எழுதியது?

ஆண்டைப் பார்த்ததும் பிடி கிடைத்தது. 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டது. கட்டபொம்மனின் படைத்தளபதி, பட்டியல் சாதியில் பிறந்த வீரர். அந்தப் பெயர் தாங்கிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் சிலர் எதிர்த்தார்கள். தென்மாவட்டங்களில் கலவரம் வெடித்தது, உயிர்கள் போயின. முடிவில் கலைஞர் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்துவிட்டது. திருநெல்வேலி கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி ஆனது, வ.உ.சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி ஆனது. பெரியார் மாவட்டம் ஈரோடு ஆனது.

அதற்கு அடுத்த ஆண்டு எழுதப்பட்டது இந்தக் கடிதம். கலவரம் நடந்த ஊர்களிலிருந்தெல்லாம் பையன்கள் வந்து ஒரே மெஸ்ஸில் சாப்பிட்ட காலம். அன்று குழுவில் இருந்த முன்னாள் மாணவர் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். “ஒவ்வொரு தலைவர் பேருக்குப் பின்னாடியும் ஒரு சாதியைச் சேர்த்துப் பாக்குற நேரம் தம்பி அது. எந்தப் பேரு ஜெயிச்சாலும் தோத்தவன் ஒருத்தன் இருப்பான். அவன் அந்த போர்டுக்குக் கீழேதான் தினமும் நுழையணும்” என்றார். கையெழுத்து வேண்டாம் என்ற விதியும் இதற்காகத்தான். பெயரைச் சொன்னவன் எந்த ஊர்க்காரன் என்று தெரிந்தால் பெயரை விட்டுவிட்டு அவனைப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

விதியையும் மீறித் தலைவர் பெயர்கள் நிறைய வந்தன. தனியே எடுத்து வைத்தார்கள். சென்னை ஐஐடி விடுதிகளுக்கு ஆறுகளின் பெயர் இருப்பதைச் சிலர் காரணமாக எழுதியிருந்தார்கள். வைகை நல்ல பெயர்தான், ஆனால் அருகிலேயே அந்தப் பெயரில் ஒரு விடுதி இருந்தது. தாமிரபரணி நீளம், பையன்கள் எப்படியும் குறுக்கிவிடுவார்கள். மிஞ்சியவற்றில் கைதூக்கச் சொன்னபோது பொருநை வென்றது. எல்லோரும் குடித்தது அந்த ஆற்றுத் தண்ணீரை.

இதனால் இழப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். சுந்தரலிங்கத்தின் பெயரை எதிர்த்தவர்களால் கட்டபொம்மன் பெயரும் வ.உ.சி. பெயரும் சேர்ந்து போயின. அந்த வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் பதினெட்டு வயதுப் பையன் உறங்கும் இடத்தின் பெயர்ப்பலகை அவனை யாரென்று அடையாளம் காட்டக்கூடாது. 2025-இல் தமிழக அரசு, சாதிப் பிரிவுகளின் பெயரில் இயங்கிய மாணவர் விடுதிகளைச் சமூகநீதி விடுதிகள் என்று மாற்றியதும் இதே கவலையால்தான்.

கல்லூரியில் இப்போது இன்னொரு விடுதி எழும்புகிறது. பெயர் கேட்டுக் கடிதம் எழுதப்போகும் குழுவினர், அந்த நான்காவது விதியை ஓர் எழுத்தும் மாற்றாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும்.