ஏ.ஆர். புத்தகத்தில் நான்கு விரல் இடம்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் கேஷுவாலிட்டியில் 'ஏ.ஆர்.' என்றால் கடைநிலை ஊழியர் வரை எல்லோருக்கும் தெரியும். விபத்துப் பதிவேடு என்பது அதன் முழுப் பெயர். அடிதடி, சாலை விபத்து, விஷம், தீக்காயம் என்று போலீசுக்குத் தெரிவிக்க வேண்டிய எது வந்தாலும் டியூட்டி டாக்டர் அதில் ஒரு பக்கம் எழுதியாக வேண்டும். பெயர், வயது, அழைத்து வந்தவர், வந்த நேரம், இரண்டு அங்க அடையாளங்கள் என்று சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். நடுவில், காயம் எப்படி ஏற்பட்டதாகச் சொல்லப்படுகிறது என்று எழுத நான்கு விரல் இடம். ஒருவர் அரைமணி நேரம் அழுதுகொண்டே சொன்னதெல்லாம் அதற்குள் அடங்கியாக வேண்டும். இரவுப் பணியில் இருப்பவர்கள் அதை நிரப்புவதைப் பக்கத்தில் நின்று கவனித்தபோது எனக்கு ஒன்று தெளிவானது. நன்றாக எழுதுகிறவர்கள் கதையைச் சுருக்குவதில்லை. யார் சொன்னது, எப்போது, எங்கே, எத்தனை பேர், எதனால் என்ற ஐந்தையும் கதையிலிருந்து பிரித்தெடுத்து வைக்கிறார்கள், மீதியை விட்டுவிடுகிறார்கள். சுருக்க முயல்கிறவர்களிடம்தான் முக்கியமானது தவறிப்போகிறது.

அன்றாடம் வருகிற மாதிரியில் ஒரு பதிவைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். இரவு 10.40-க்கு நாற்பது வயதுக்காரர் ஒருவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வருகிறார். "வாய்க்கா மடைய அடைச்சிட்டான் சார், மூணு வருஷமா இதே தொல்ல, கேக்கப் போனா அவனும் அவன் மச்சானும் மம்பட்டிக் காம்பால போட்டுட்டாங்க, வரப்புல போய் விழுந்தேன்" என்கிறார். ஏ.ஆர். ஆங்கிலத்தில் எழுதப்படும், அதன் பொருளைத் தமிழில் தருகிறேன்: 'காயம்பட்டவரே கூறியது: இன்று இரவு சுமார் 8.30 மணிக்கு, தம் வயல் மடை அருகே, தெரிந்த நபர்கள் இருவர் மண்வெட்டிக் காம்பால் தாக்கியதாகவும், அதில் கீழே விழுந்ததாகவும்.' மூன்று வருடத் தகராறு இதில் இல்லை. அதைக் கேட்டு எழுத வேண்டியது போலீஸ். ஆனால் 'காம்பு' என்ற சொல் இருக்கிறது. அவசரத்தில் அதை விட்டு 'மண்வெட்டியால்' என்று எழுதியிருந்தால் கட்டை இரும்பாகிவிடும், மழுங்கிய பொருள் கூர்மையான ஆயுதமாகிவிடும். கீழே எழுதப்போகும் காயத்தோடு அது ஒத்துப்போகாது. 'கீழே விழுந்ததாகவும்' என்ற இரண்டு சொற்கள் தாக்கப்பட்டவருக்கு எதிரானவைபோலத் தோன்றலாம். அவற்றை விட்டுவிட்டால், முழங்கையில் இருக்கும் சிராய்ப்புக்குக் காரணமே இல்லாமல் போகும். விழுந்ததை மறைத்தார் என்று பின்னால் எதிர்த்தரப்பு கேட்கவும் இடமாகும்.

அந்த நான்கு விரல் இடம் சொன்னதற்கு. அதன் கீழே உள்ள பகுதி பார்த்ததற்கு. இரண்டையும் கலக்காமல் இருப்பதில்தான் இந்த வேலையின் திறமை இருக்கிறது. இதைத் தலைக் காயத்தில் நன்றாகப் பார்க்கலாம். மண்டையில் தோலுக்கு அடியிலேயே எலும்பு இருப்பதால், கட்டையால் அடித்தாலும் தோல் நேர்கோடாகப் பிளக்கும்; மேலோட்டமாகப் பார்த்தால் கத்தி வெட்டு மாதிரியே இருக்கும். அனுபவமுள்ள டாக்டர் ரத்தத்தைத் துடைத்து, காயத்தின் இரு ஓரங்களையும் மெல்ல விலக்கி, விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்க்கிறார். ஓரங்கள் நசுங்கியிருக்கின்றனவா, உள்ளே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மெல்லிய திசு இழைகள் அறுபடாமல் நிற்கின்றனவா, முடிகள் வெட்டுப்பட்டிருக்கின்றனவா, வேரோடு நசுங்கியிருக்கின்றனவா என்று பார்க்கிறார். இழைகள் நின்றால் அது கிழிந்த காயம், வெட்டுக் காயம் அல்ல. அதன் பிறகே எழுதுகிறார்: 'தலையின் இடப்பக்கம், காதுக்கு மேல் 6 செ.மீ. தூரத்தில், 5 × 1 செ.மீ., எலும்பு தெரியும் ஆழத்தில் கிழிந்த காயம்.' 'தலையில் பெரிய காயம்' என்று எழுதினால் இடம் கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் ஆறு மாதம் கழித்து அதை வைத்து யாரும் எதையும் சொல்ல முடியாது. இல்லாததையும் எழுத வேண்டும்: மயக்கம் இல்லை, வாந்தி இல்லை, காதிலோ மூக்கிலோ ரத்தம் இல்லை. மறுநாள் நினைவு தப்பினால், வந்தபோது இவை இருந்தனவா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். வேறெங்காவது தையல் போட்டு அனுப்பியிருந்தால், 'தையலிடப்பட்ட காயம்' என்பதோடு நிறுத்த வேண்டும். அசல் வடிவத்தை இவர் பார்க்கவில்லையே.

ஐந்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, 'யார் சொன்னது' என்பது. ஒருவர் சுயநினைவில்லாமல் கிடக்கிறார். சாலையில் கிடந்தவரை ஆட்டோவில் ஏற்றி வந்தவர், "பைக்ல இருந்து விழுந்துட்டாரு" என்கிறார். விழுந்ததை அவர் பார்க்கவில்லை, விழுந்து கிடந்ததைத்தான் பார்த்தார். டாக்டர் சொன்னவரைக் குறிப்பிடாமல் 'தானே தவறி விழுந்தார்' என்று எழுதினால், இடித்துவிட்டுப் போன வண்டி அந்தக் காகிதத்திலிருந்தே மறைந்துவிடும். அடையாளம் தெரியாத வாகனம் மோதி இறந்தால் 2 லட்சம், கொடுங்காயம் என்றால் 50,000 ரூபாய் என்று 2022-இல் வந்த மத்திய அரசின் இழப்பீட்டுத் திட்டம் சொல்கிறது. அதைக் கேட்கப் போகும் மனைவி, முதலில் இந்த ஒற்றை வரியோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். 'அழைத்து வந்தவர் கூறியது: சாலையில் கிடந்ததைக் கண்டதாக' என்று எழுதக் கூடுதலாக இரண்டு அங்குலம் போதும்.

டாக்டர் வைத்தியம் பார்க்கத்தானே இருக்கிறார், விசாரணை அவர் வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. தாக்கியவர் யார் என்பது மருத்துவரின் கவலை அல்ல என்று உச்ச நீதிமன்றமே 1985-இல் ஆந்திர வழக்கொன்றில் சொல்லியிருக்கிறது. சட்ட நடைமுறைகளுக்காகச் சிகிச்சை காத்திருக்கக் கூடாது என்று 1989-இல் இன்னொரு வழக்கில் சொன்னது. ரத்தம் நிற்கும் வரை பேனாவைத் தொடாதவர்தான் நல்ல டாக்டர். ஆனால் நான் சொல்லும் ஐந்தில் பெயர்கள் இல்லை. 'தெரிந்த நபர்கள் இருவர்' என்பதோடு அது நின்றுவிடுகிறது. பெயர் இல்லாததால் வழக்கு விழுவதில்லை. இருவர் என்று இங்கேயும் ஐவர் என்று புகாரிலும் இருந்தால்தான் குறுக்கு விசாரணை சூடுபிடிக்கிறது. ஏ.ஆர். தனியாக எதையும் நிரூபித்துவிடாது என்பதும் உண்மை. ஆனாலும் பல வழக்குகளில் எஃப்.ஐ.ஆருக்குச் சில மணி நேரம் முன்பே எழுதப்பட்டுவிடும் காகிதம் அது. யாரும் யாரிடமும் கலந்து பேசுவதற்கு முன் எழுதப்பட்டது என்பதால்தான் இரண்டு தரப்பும் அதைப் புரட்டிப் பார்க்கின்றன.

கட்டத்தைப் பெரிதாக்கிவிட்டால் தீராதா என்பது இன்னொரு யோசனை. காயங்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கும்போது இடம் போதாது என்பது நிஜம். அப்போது பின்பக்கத்தில் தொடர்ந்து, அங்கும் ஏ.ஆர். எண்ணைப் போட்டுக் கையெழுத்திடலாம். ஆனால் சொன்னதை எழுதும் இடம் பெரிதானால் மடைத் தகராறும் மச்சானின் குணமும் உள்ளே வரும் என்றே நினைக்கிறேன். வந்தால், வலியில் சொன்ன ஒவ்வொரு சொல்லும் பின்னால் புகாரோடு ஒப்பிடப்படும். குறுகிய இடம் இந்த வகையில் காயம்பட்டவருக்கே காப்பு. எனக்கு இருக்கும் குறை வேறு. சாதாரணக் காயமா கொடுங்காயமா என்ற கட்டத்தையும் அந்த நிமிடமே நிரப்பும் அவசரம் பலரிடம் இருக்கிறது. வீங்கிய முன்கையில் எலும்பு முறிந்திருந்தால் சட்டப்படி அது கொடுங்காயம். எக்ஸ்ரே வராமல் அதை யாரும் சொல்ல முடியாது. 'எக்ஸ்ரே முடிவு வந்தபின் கருத்து' என்று எழுதி, முடிவு வந்ததும் காயச் சான்றிதழில் சொல்வதே சரி. முதலில் 'சாதாரணம்' என்று எழுதி, பிறகு ஒற்றைக் கோடடித்துத் தேதியும் நேரமும் கையெழுத்தும் போடாமல் அதன் மேலேயே திருத்தி எழுதிய பக்கத்துக்கு, சாட்சிக் கூண்டில் அந்த டாக்டரே பதில் சொல்ல வேண்டிவரும்.