கப்பு அவள் கையில்

தங்கை மகளுக்கு நான்கு வயது. குளியலறைக் கதவைத் திறந்தாலே கத்துகிறாள். அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தைக் கடக்கும்போது தூக்கிக்கொள்ளச் சொல்கிறாள். "தண்ணின்னாலே பயம்க்கா" என்கிறாள் தங்கை. அதே பெண் துளசிச் செடிக்குச் சொம்பில் தண்ணீர் ஊற்றுகிறாள், மழை நின்றதும் வாசல் குட்டையில் குதிக்கிறாள். எல்லாத் தண்ணீரும் அவளுக்குப் பயம் தரவில்லை. எது தருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

*

வாளியில் தண்ணீர் நிரம்பும்போது அழவில்லை. காலில் ஊற்றினால் முகம் சுளிக்கிறாள், அவ்வளவுதான். கப்பு தோளுக்கு மேலே போனதும் உடம்பு விறைக்கிறது, மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். தண்ணீர் முகத்தில் எப்போது விழும் என்று அவளுக்குத் தெரியாது. அதை நிறுத்தவும் அவளால் முடியாது. தலைக்குக் குளிக்கும் நாளில் சீயக்காய் கண்ணில் இறங்கி எரிந்த நினைவும் இதோடு சேர்ந்திருக்கிறது.

வேறு குழந்தைகளுக்கு வேறு காரணம் இருக்கும். ஷவரின் சத்தம், வழுக்கும் தரை, தண்ணீர் சுழன்று இறங்கும் ஓட்டை. அந்த ஓட்டை தன்னையும் இழுத்துக்கொள்ளும் என்று இந்த வயதில் உண்மையாகவே நம்புவார்கள். ஒரு பொம்மையை அதன்மேல் வைத்து, அது உள்ளே போகவில்லை என்று காட்டினால் பாதிப் பயம் போய்விடும். காரணம் தெரியாமல் பொதுவாகத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தால் எதுவும் நகராது.

நன்றாகக் குளித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அலறினால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். காது வலி, தோலில் வெடிப்பு, கரப்பான் புண்ணில் படும் எரிச்சல் இவையெல்லாம் பயம் மாதிரியே வெளிப்படும். காதைப் பிடித்து இழுத்தாலோ காதில் சீழ் வந்தாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டிய பிறகுதான் மற்றதெல்லாம்.

*

குளிப்பதையும் தண்ணீர் விளையாட்டையும் பிரித்துவிடச் சொன்னேன். சுத்தத்துக்குக் காலையில் ஈரத்துணியால் துடைத்தால் போதும். கொஞ்ச நாள் தலைக்கு ஊற்றாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. விளையாட்டு மாலையில், பால்கனியில், உடுப்போடு.

அகலமான பேசின், இரண்டு டம்ளர், புனல், பழைய ஸ்பாஞ்சு, காலி எண்ணெய்ப் பாட்டில். தண்ணீர் இரண்டு விரல் உயரம். அவளுக்கென்று ஒரு சிவப்புக் கப்பு. அதை வேறு யாரும் தொடக்கூடாது என்பது சட்டம். பொம்மையைக் குளிப்பாட்டினாள். பொம்மைக்குக் கண் எரியும் என்று தானே சொல்லி, கைக்குட்டையால் அதன் கண்ணை மூடிவிட்டு ஊற்றினாள். பயம் எங்கே இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

*

முக்கியமான ஒன்று: ஏமாற்றி ஊற்றக் கூடாது. விளையாட்டில் மூழ்கியிருக்கிறாளே என்று பின்னாலிருந்து ஒரு கப்பு தலையில் கவிழ்க்கும் ஆசை பெரியவர்களுக்கு வரும். மாமாக்களுக்கு நிச்சயம் வரும். அந்த ஒரு கப்பு போதும், பால்கனியும் குளியலறை ஆகிவிடும். "குளிச்சா சாக்லேட்" என்பதும் வேண்டாம். லஞ்சம் கொடுத்துச் செய்யவைக்கிறார்கள் என்றால் அது மோசமான காரியமாகத்தான் இருக்கும் என்று குழந்தை கணக்குப் போடும்.

*

1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், பீட்டர் என்று பெயரிட்டு ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். அவனுக்கு அப்போது மூன்று வயதுகூட ஆகியிருக்கவில்லை, முயலைக் கண்டால் பயம். அவன் பிடித்ததைச் சாப்பிடும்போது, கூண்டிலிருந்த முயலைத் தூரத்தில் வைத்து, அவன் தாங்கும் அளவுக்குத்தான் அருகே கொண்டுவந்தார்கள். பயமில்லாத மற்றக் குழந்தைகளையும் பக்கத்தில் விளையாட விட்டார்கள். கடைசியில் முயல் அவன் விரலைக் கொறிக்கும் அளவுக்கு வந்தது. எனக்கு அதில் பிடித்தது நடுப்பகுதி. காய்ச்சல் வந்து சில வாரம் மருத்துவமனையில் இருந்தான், வெளியே வரும்போது ஒரு பெரிய நாய் மிரட்டிவிட்டது, பயம் பழையபடி திரும்பிவிட்டது. அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடராமல் கீழிருந்து மறுபடி ஏறினார்கள்.

தங்கையிடம் இதைச் சொன்னேன். சளி பிடித்து விளையாட்டு நின்றுபோனபின் பேசின் பக்கமே வரமாட்டேன் என்றவளை, பழையபடி பொம்மையிலிருந்து தொடங்க வைத்தாள்.

*

உடம்பில் போகும் வழி இது: பாதம், முழங்கால், கை, வயிறு, முதுகு, தோள், பிடரி, பின்னந்தலை. முகம் கடைசி. ஒவ்வோரிடத்திலும் முதலில் அவளே ஊற்றிக்கொள்வாள். பிறகு அம்மா ஊற்றலாமா என்று கேட்க வேண்டும். "வேணாம்" என்றால் வேண்டாம்தான். சரி என்றால் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிவிட்டு ஊற்ற வேண்டும். இரண்டிலேயே ஊற்றிவிடக் கூடாது. "நிறுத்து" என்று கையைக் காட்டினால் கப்பு அந்த உயரத்திலேயே நிற்க வேண்டும். அது உண்மையிலேயே நிற்கிறதா என்று அவள் பலமுறை சோதித்துப் பார்ப்பாள். அந்தச் சோதனைக்கு எரிச்சலின்றி ஈடுகொடுப்பதுதான் இதில் கஷ்டமான வேலை. நாலைந்து தடவை வெறுமனே நிறுத்திப் பார்த்தவள், பிறகு "பெரிம்மா, இப்ப ஊத்துங்க, ஆனா கொஞ்சூண்டு" என்றாள்.

அவளுடைய இன்னொரு கையில் எப்போதும் ஒரு சின்ன காய்ந்த துண்டு. முகத்தில் ஒரு சொட்டு பட்டாலும் துடைத்துக்கொள்ளலாம். அடுத்த படிக்குப் போகலாமா என்பதை அந்தத் துண்டே சொல்லிவிடும். துடைப்பதை மறந்து விளையாடுகிறாள் என்றால் போகலாம். சத்தமில்லாமல் இருக்கிறாள் என்பதை மட்டும் நம்பக் கூடாது. தோள் காதருகே ஏறியிருக்கிறதா, விரல்கள் மடங்கியிருக்கின்றனவா, மூச்சை அடக்குகிறாளா என்று பார்க்க வேண்டும். அப்படியென்றால் ஒரு படி இறங்க வேண்டும்.

*

சூடு. குழந்தைக்கு வெதுவெதுப்பு என்பது உடம்புச் சூட்டை ஒட்டியது, ஏறக்குறைய 37 டிகிரி. நம் உள்ளங்கை சூட்டுக்குப் பழகியது, அதனால் முழங்கையை நனைத்துப் பார்க்க வேண்டும். வாளியில் பச்சைத் தண்ணீர் முதலில், வெந்நீர் பிறகு. இந்த வரிசை மாறினால், ஆசையில் கையை விடும் பிள்ளைக்குச் சுட்டுவிடும்.

*

தலைக்கு ஊற்றுவது தனிப் பாடம். குனிய வைத்தால் தண்ணீர் நேராக மூக்கை நோக்கி ஓடும். மல்லாத்தினால் விழுந்துவிடுவோம் என்று சில பிள்ளைகள் நடுங்குவார்கள். குட்டை முக்காலியில் நிமிர்ந்து உட்கார வைப்பதே இவளுக்குச் சரியாக வந்தது. கூரையில் ஒரு மீன் படம் ஒட்டியிருக்கிறது, "மீனைப் பாரு" என்றால் தாடை தானே உயரும். அம்மாவின் உள்ளங்கை நெற்றி முடிக்கோட்டில் அணைபோல் நிற்க, உச்சியிலிருந்து பின்பக்கமாகச் சின்ன கப்பால் மெதுவாக ஊற்ற வேண்டும். துண்டை மடித்துக் கண்ணில் அழுத்திக்கொள்வது அவள் பொறுப்பு. சீயக்காயைக் கொஞ்சநாள் ஒதுக்கிவிட்டு, எரிச்சல் குறைந்த குழந்தைகள் ஷாம்புவை, அதுவும் ஒரு சொட்டு, பின்னந்தலையிலிருந்து தேய்க்க வேண்டும். அலச ஆகும் நேரம்தான் பயமான நேரம், நுரை குறைந்தால் அந்த நேரமும் குறையும்.

*

முகத்துக்கு வழி வாய். டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவால் ஊதிக் குமிழி விடுவது முதலில். பிறகு பேசினில் காகிதக் கப்பலை ஊதியே மறுகரைக்குத் தள்ளுவது. கப்பல் தள்ளும்போது தாடை நனையும், அதை அவள் கவனிப்பதில்லை. அடுத்து உதடு நனைய ஊதுவது. அதற்கடுத்து வாயை மூடி, மூக்கால் "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டே முகத்தை இறக்குவது. முனகும்போது மூக்கு வழியாகக் காற்று வெளியே வந்துகொண்டிருக்கும், அதனால் தண்ணீர் உள்ளே ஏறாது. மூச்சைப் பிடித்துக்கொள் என்று சொல்வதைவிட இது நான்கு வயதுக்கு எளிது. "பிடி" என்றால் பல பிள்ளைகள் உள்ளே இழுத்துவிடுவார்கள்.

*

குளம். பேசினில் முகம் நனைத்தாள் என்பதற்காகக் குளத்திலும் இறங்குவாள் என்று நினைக்க வேண்டாம். அங்கே குளோரின் வாடை, சுவரில் மோதித் திரும்பும் கூச்சல், பாதம் தெரியாத ஆழம், எல்லாம் புதிது. முதல் நாள் நீச்சல் உடையே எடுத்துப்போக வேண்டியதில்லை. கூட்டமில்லாத நேரத்தில் கரையில் உட்கார்ந்து முறுக்கு தின்றுவிட்டு வரலாம். அடுத்து படியில் உட்கார்ந்து காலை நனைப்பது. சிவப்புக் கப்பையும் கொண்டுபோக வேண்டும், படியில் உட்கார்ந்து அவளே காலில் ஊற்றிக்கொள்ளட்டும்.

ஆழம் அவள் முழங்கால் தாண்டாத இடம். அதற்குமேல் என்றால் அம்மா மார்போடு அணைத்து, முகம் முகத்தைப் பார்க்க, மெல்ல இறங்க வேண்டும். குளத்துத் தண்ணீர் 28 டிகிரி என்றாலும் வெதுவெதுப்பான வாளிக்குப் பழகியவளுக்குக் குளிர்தான். சின்ன உடம்பு சூட்டைச் சீக்கிரம் இழக்கும். உதடு கருத்தாலோ நடுங்கினாலோ உடனே ஏற்றித் துவட்ட வேண்டும். குளிரில் நடுங்கிய நினைவும் பயமாகச் சேமிக்கப்படும். கால் மணி நேரம் தாராளம். அவள் இன்னும் கேட்கும்போதே முடிப்பது நல்லது.

ஊரில் பம்புசெட் உள்ளவர்களுக்கும் இதேதான். மோட்டார் ஓடும்போது குழாயடியில் நிறுத்தாதீர்கள், அந்த இரைச்சலும் வேகமும் பெரியவர்களையே தள்ளும். கணுக்கால் அளவு ஓடும் வாய்க்காலில் தொடங்கலாம்.

*

தூக்கிப் போட்டால் தானே கற்றுக்கொள்வாள் என்று ஒரு பெரியவர் சொன்னார். தூக்கிப் போட்ட பிள்ளை கற்றுக்கொள்வது, தூக்கியவரை நம்பக் கூடாது என்பதை. நான்கு வயதில் பெரும்பாலான குழந்தைகள் நீச்சல் பயிற்சிக்குத் தயாராக இருப்பார்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி சொல்கிறது. பெரும்பாலான என்றுதான் சொல்கிறது. பயிற்சியாளரைச் சேர்க்கும் முன் ஒன்றைக் கேட்க வேண்டும்: அழுகிற குழந்தையை என்ன செய்வீர்கள்? "ரெண்டு நாள்ல சரியாயிடும், நீங்க வெளிய இருங்க" என்றால் வேறு இடம் தேடலாம். முதல் வகுப்பில் படியிலேயே உட்கார அனுமதிப்பவர் போதும்.

*

பயம் குறையும்போது ஆபத்து கூடும். இதை எழுதிவைக்காமல் விடக் கூடாது. நேற்றுவரை வாளியைக் கண்டு ஓடியவள் இன்று தனியாக அதில் எட்டிப் பார்க்கிறாள். சின்னப் பிள்ளை மூழ்க சில அங்குலத் தண்ணீர் போதும், மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் சத்தமே போடாது. பேசினோ வாளியோ, விளையாட்டு முடிந்த கையோடு கொட்டிக் கவிழ்த்துவிட வேண்டும். குளியலறைக் கதவுக்கு அவள் கைக்கு எட்டாத தாழ்ப்பாள். குளத்தில் ஒரு பெரியவர் கை எட்டும் தூரத்தில் மட்டும், கைப்பேசி பைக்குள். காற்றடைத்த கைப்பட்டையும் வளையமும் விளையாட்டுப் பொருள்கள், உயிர்காக்கும் கருவிகள் இல்லை. அவற்றைப் போட்டுப் பழகிய குழந்தை, அவை இல்லாத நாளிலும் மிதப்போம் என்று நம்பி இறங்கும். தங்கையிடம் சொல்லிவிட்டேன்: வாங்கிய கைப்பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடு, தாழ்ப்பாளை இந்த வாரமே மேலே மாற்று.