குறுக்குவழி மாவு

“அது ஹவுஸ்வைஃப் பஃப், மேடம். வீட்டுல அவசரத்துக்குச் செய்யறது. நாம இங்க ஒரிஜினல்தான் கத்துக்கப் போறோம்.”

ஒரு வார இறுதி பேக்கிங் வகுப்பில் ‘ரஃப் பஃப்’ பற்றி நான் கேட்டபோது கிடைத்த பதில் இது. வகுப்பில் பதினொரு பேர், பதினொருவரும் பெண்கள். சொல்லிக்கொடுத்தவர் ஆண். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். வீடு திரும்பிய பிறகு அவர் சொன்னதைவிட நான் சிரித்ததுதான் உறுத்தியது.

அவர் கற்றுத்தந்த ஒரிஜினலில் குறையொன்றும் இல்லை. மைதாவைப் பிசைந்து குளிரவைக்க வேண்டும். வெண்ணெயை ஒரு சதுரத் தகடாகத் தட்டி, கடிதத்தை உறையிலிடுவதுபோல் மாவுக்குள் வைத்து மூட வேண்டும். நீளமாகத் தேய்த்து மூன்றாக மடிக்க வேண்டும். இப்படி ஆறு முறை, நடுநடுவே ஃபிரிட்ஜில் ஓய்வு. மூன்றை மூன்றால் பெருக்கிக்கொண்டே போனால் ஆறாவது மடிப்பில் வெண்ணெய் 729 அடுக்குகளாகியிருக்கும். இதற்குத் தேவை குளிர்ந்த அறை, பளிங்கு மேடை, யாரும் குறுக்கே கூப்பிடாத ஒரு முழுப் பகல். ஓட்டல் சமையலறையில் மூன்றும் இருக்கும். என் சமையலறையில் மேடைக்கு இரண்டடியில் அடுப்பு எரிகிறது.

ரஃப் பஃப்பில் வெண்ணெய்த் தகடு கிடையாது. வெண்ணெயைத் துண்டுகளாகவே மாவில் கலந்து, அப்படியே தேய்த்து மடிக்கிறோம். துண்டுகள் நசுங்கி நீண்ட பட்டைகளாகி அடுக்குகளுக்கு நடுவே படிகின்றன. இதற்குப் பிரெஞ்சுச் சமையற்காரர்களே ‘ஃபெய்தாஜ் ரபீத்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ‘விரைவான அடுக்குமாவு’ என்று பொருள். அந்தப் பெயரில் இல்லத்தரசி யாரும் இல்லை.

எதை இழக்கிறோம் என்று தெரிந்துகொள்ள, ஒரு விடுமுறையில் இரண்டையும் செய்து பார்த்தேன்.

ரஃப் பஃப்புக்கு 250 கிராம் மைதா, 200 கிராம் உப்பில்லாத வெண்ணெய், அரை டீஸ்பூன் உப்பு, ஏறக்குறைய 120 மில்லி ஐஸ் தண்ணீர். கட்டியாகக் கடையில் விற்கும் வெண்ணெய்தான் வேண்டும். வீட்டில் கடைந்தது நீர்ப்பதம் அதிகமாக, மிருதுவாக இருக்கும். அதைப் புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரிய துண்டுகளாக நறுக்கி, கால் மணி நேரம் ஃபிரீசரில் வைத்தேன். மைதாவில் புரட்டி, ஒவ்வொரு துண்டையும் விரலால் ஒருமுறை மட்டும் தட்டையாக்கினேன். தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மாவு ஒன்றாய்ச் சேர்ந்ததும் நிறுத்தினேன். சப்பாத்தி மாவுபோல் பிசைந்து பழகிய கைக்கு இந்த இடத்தில் நிறுத்துவதுதான் கடினம். மாவு உதிரியாக, பார்க்கச் சகிக்காமல்தான் இருக்கும். நீளமாகத் தேய்த்து மூன்றாக மடித்து, பக்கம் திருப்பி, மறுபடி தேய்த்து மடித்தேன். அரைமணி ஃபிரிட்ஜ். இன்னும் இரண்டு மடிப்பு. பிறகு மூடி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் விட்டுவிட்டேன். என் கை வேலை செய்தது மொத்தம் அரைமணிதான்.

மாவு சரியாக இருக்கிறதா என்பதை வெட்டிப் பார்த்தால் தெரியும். வெட்டிய பக்கத்தில் பளிங்குக்கல்போல வெண்ணெய்க் கோடுகள் ஓட வேண்டும். என் முதல் முயற்சியில், சித்திரை வெயிலில், கோடுகளே இல்லை. மாவு முழுக்க ஒரே மஞ்சளாகி, பூரிக்கட்டையில் ஒட்டியது. அப்போதே ஃபிரீசரில் வைத்திருக்க வேண்டும். பிடிவாதமாகத் தேய்த்தேன். ஓவனில் வெண்ணெய் உருகித் தட்டில் குளமாக நின்றது, வந்தது கனமான பிஸ்கட். மாவிலும் வெண்ணெயிலும் உள்ள நீர் ஆவியாகி மாவு ஏடுகளைத் தூக்குவதால்தான் அடுக்கு உண்டாகிறது. ஏடுகளை ஒட்டவிடாமல் பிரித்து வைப்பது வெண்ணெய். அது முன்பே மாவில் கரைந்துவிட்டால் தூக்குவதற்கு ஏடே இல்லை. ஓவன் 200 டிகிரிக்கு முழுதாகச் சூடேறியிருக்க வேண்டுமென்பதும் இதனால்தான். சூடு போதாவிட்டால் ஆவி எழும்புமுன் வெண்ணெய் ஒழுகிவிடும்.

காலையில் இரண்டு மாவிலும் சிறு கிண்ணம்போல் எழும்ப வேண்டிய வட்டங்களை வெட்டிச் சுட்டேன. ஒரிஜினல் நேராக எழுந்தது. ரஃப் பஃப் ஒரு பக்கம் சாய்ந்தது. வெண்ணெய் ஓரிடத்தில் கூடவும் ஓரிடத்தில் குறைவாகவும் இருந்தால் அப்படித்தான் ஆகும். வகுப்பாசிரியர் சொன்னதில் இவ்வளவு உண்மை உண்டு.

அடுத்தது டர்ன்ஓவர், நம் சோமாஸின் தூரத்து உறவு. ஆப்பிளைச் சர்க்கரையும் பட்டைத்தூளும் சேர்த்து நீர் வற்றக் கிளறி, நன்றாக ஆறவைத்தேன். சூடாக வைத்தால் பூரணமே வெண்ணெயை உருக்கிவிடும், ஈரமாக வைத்தால் அடி வேகாது. சதுரமாக வெட்டிய மாவில் வைத்து, முக்கோணமாக மடித்து, ஓரத்தில் தண்ணீர் தொட்டு அழுத்தி, மேலே ஆவி போக ஒரு கீறல். பால் தடவும்போது வெட்டிய விளிம்பில் படாமல் பார்த்துக்கொண்டேன், பட்டால் அடுக்குகள் ஒட்டிக்கொண்டு எழும்பாது. இருபத்தைந்து நிமிடத்தில் பொன்னிறமாகி வந்தன. இரண்டு மாவையும் தட்டில் கலந்துவைத்தேன். பூரணம் வைத்து மூடிய பண்டம் எந்தப் பக்கம் சாய்ந்து எழுந்தது என்று யார் பார்க்கப்போகிறார்கள்? எது எதுவென்று எனக்கே சொல்ல முடியவில்லை.

பால்மியேவில் வித்தியாசம் இன்னும் குறைவு. பனைக் குடும்பத்து மரத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் அது, ஓலை விரிந்த வடிவத்துக்காக வந்த பெயர். மேடையில் மைதாவுக்குப் பதில் சர்க்கரை தூவி மாவைத் தேய்த்தேன். இரு ஓரங்களையும் நடுக்கோட்டுக்கு மடித்து, இன்னொரு முறை அப்படியே மடித்து, கடைசியில் புத்தகம்போல் மூடினேன். ஃபிரிட்ஜில் இறுகியபின் விரலகலத் துண்டுகளாக வெட்டி, வெட்டிய பக்கம் மேலே தெரியப் படுக்கவைத்தேன். படுத்திருப்பதால் அடுக்குகள் மேலே எழும்பாமல் பக்கவாட்டில் விரிகின்றன. நேராக எழவேண்டும் என்ற கட்டாயமே இங்கில்லை. பன்னிரண்டு நிமிடத்தில் திருப்பிப் போட்டு, இன்னும் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடம் மட்டும் ஓவனை விட்டு நகரக்கூடாது. சர்க்கரை பொன்னிறத்திலிருந்து கசப்புக்குப் போக அதிக நேரம் பிடிக்காது.

நிமிர்ந்து நிற்க வேண்டிய பண்டத்துக்கு ஒரிஜினல் வேண்டும். மூடி மடிப்பதற்கும் படுக்கவைப்பதற்கும் ரஃப் பஃப்பே போதும். வேலைக்குத் தக்க முறை என்பதற்கு மேல் இதில் எதுவுமில்லை. ஆனால் குறைந்த நேரத்தில் செய்தது குறைந்த தரம் என்ற கணக்கு நம் வீடுகளில் பெண்களுக்குத்தான் போடப்படுகிறது. அம்மா தீபாவளிக்கு அரிசிமாவும் நெய்யும் குழைத்துத் தடவி, அடுக்கு அடுக்காக மடக்குப் பூரி செய்வாள். அது எப்படி இருந்தது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. “ராத்திரி மூணு மணிக்கே எழுந்துட்டா” என்றுதான் அப்பா வந்தவர்களிடம் சொல்வார். அதுதான் அவளுக்குக் கிடைத்த பாராட்டு.

அன்று மாலை அம்மா வந்திருந்தாள். பால்மியே ஒன்றை எடுத்துக் கடித்தாள். சர்க்கரை நொறுங்கும் சத்தம் கேட்டது. மடியில் விழுந்த ஏடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டே கேட்டாள்:

“எத்தனை மணிக்கு எழுந்திரிச்சே?”

“ஏழுக்கும்மா.”

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்து இன்னொன்று எடுத்துக்கொண்டாள். “அந்த வெண்ணெய் எவ்வளவு போட்டேன்னு சொன்னே?” என்றாள்.