எட்டுப் பேருக்கு ஒரு பிளக் பாயிண்ட்

குவைத்தின் மங்காஃப் பகுதியில் 2024 ஜூன் 12 அதிகாலை தொழிலாளர் குடியிருப்பு ஒன்று எரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இறந்தார்கள். அவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். தரைத்தளத்துக் காவலாளி அறையில் ஏற்பட்ட ஷார்ட் சர்க்யூட்தான் காரணம் என்றது தீயணைப்புத் துறை. பெரும்பாலானோரைக் கொன்றது நெருப்பு இல்லை, புகை. உயிர் பிழைக்க மேலே ஓடியவர்களுக்கு மொட்டைமாடிக் கதவு பூட்டிக் கிடந்தது.

வளைகுடாவில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவன் நான். எட்டுப் பேர் அறையில்தான் வாசம். சுவரில் ஒரே பிளக் பாயிண்ட், அதில் ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டு. அந்த போர்டில் இன்னொன்று!

அங்குள்ள மூன்று கால் பிளக் தாங்குவது 13 ஆம்பியர், சுமார் 3,000 வாட். இண்டக்‌ஷன் அடுப்பு 2,000, கெட்டில் 2,000. இரண்டையும் ஒரே போர்டில் போட்டால் 17 ஆம்பியர். பிளக்குக்குள் ஃபியூஸ் இருக்கிறதே, அது போய்விடும்தானே என்று கேட்பார்கள். 17 ஆம்பியருக்கு அந்த ஃபியூஸ் உடனே போகாது, நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். அதற்குள் போர்டின் மெல்லிய ஒயரும் லூஸான பின்னும் கொதித்துவிடும். ஃபியூஸ் போன இடத்தில் சிகரெட் பெட்டியின் அலுமினியத் தாளைச் சுற்றி வைக்கும் மேதைகளும் உண்டு. அங்கே காவலுக்கு எதுவுமே இல்லை.

கண்டுபிடிப்பது சுலபம். சமையல் முடிந்ததும் அடுப்பின் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு, துளையைச் சுற்றிப் பழுப்பு நிறம், மீன் கருகியது போன்ற வாடை, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த போர்டு குப்பைக்குத்தான். அடுப்பை நேராகச் சுவர் பாயிண்டில் மாட்ட வேண்டும். அது எரியும்போது கெட்டில் வேண்டாம். எங்கள் அறையில் சமையல் முறைப் பட்டியலிலேயே இதையும் எழுதி ஒட்டினோம். முதலில் முனகினார்கள், பிறகு பழகிவிட்டது.

எண்ணெய் பற்றிக்கொண்டால் அடுப்பை அணைத்து, சட்டியைத் தூக்காமல் தட்டால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விடவேண்டும். தண்ணீர் ஊற்றினால் எரியும் எண்ணெய் கூரை வரை தெறிக்கும்.

வழி விஷயம்தான் எனக்குப் பெரிய கவலை. மாடிப்படிக்கடியில் பழைய மெத்தை, காலி சிலிண்டர், செருப்புக் குவியல். புதிதாக வந்த தம்பிகளிடம், அறையிலிருந்து படி வரை எத்தனை கதவுகள் என்று கையால் சுவரைத் தடவி எண்ணச் சொல்வேன். புகையில் விளக்கு இருந்தும் கண் தெரியாது. தரையோரம் தவழ்ந்துதான் போகவேண்டும். படியே புகையாக இருந்தால் அறைக்குத் திரும்பி, கதவை மூடி, இடுக்கில் ஈரத்துணியைத் திணித்து, ஜன்னலில் நின்று கூப்பிடுவதே வழி.

மாடிச் சாவி யாரிடம் என்று வாட்ச்மேனிடம் கேட்டேன். "திருட்டு போகுதுண்ணே, அதான் பூட்டி வச்சிருக்கு" என்றார். உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் தாழ்ப்பாள் கடையில் கிடைக்கிறது. நாங்களே காசு போட்டு வாங்கிக் கொடுத்தோம். கேம்ப் சூப்பர்வைசர் சம்மதிக்கத்தான் மூன்று வாரம் ஆனது.