போன் சொல்லும் பிறந்தநாளும் நட்சத்திரப் பிறந்தநாளும்

அர்ச்சனைச் சீட்டு எழுதும்போது, "போன்ல இன்னைக்குப் பிறந்தநாள்னு வந்துச்சு, அதான் வந்தோம்"னு நிறைய பேர் எங்ககிட்ட சொல்றாங்க. நல்லதுதான். ஆனா போன் காட்டுறது ஆங்கிலத் தேதி மட்டும்தான்.

பண்டிகைக்கு வழி சுலபம். கூகள் காலண்டரில் மூன்று கோட்டை அழுத்தி, Settings, அதில் Holidays போங்க. நாட்டுக்கு மலேசியா, சமயத்துக்கு இந்து விடுமுறைகள், இரண்டையும் தேர்ந்தெடுங்க. தைப்பூசம், தீபாவளி ஒவ்வொரு ஆண்டும் சரியான தேதியில் தானா வரும். மலேசியப் பட்டியலில் மற்ற மாநில விடுமுறைகளும் கலந்திருக்கும். கூட்டரசுப் பிரதேச தினத்தைப் பார்த்துட்டு ஜொகூரிலும் லீவுன்னு நினைச்சிடாதீங்க. நம்ம கோயில் திருவிழா தேதி அதில் வராது, அதை நீங்களே பதியணும்.

பிறந்தநாள், போனில் சேமித்த பெயர்களிலிருந்து வருது. ஒருத்தர் பெயரைத் திறந்து Birthday இடத்தில் தேதி போட்டா காலண்டரில் தெரியும். சிலருக்கு மட்டும் வரலையா? அந்த எண் சிம் கார்டில் கிடக்குதான்னு பாருங்க. சிம்மில் பிறந்த தேதி நிற்காது, கூகள் கணக்குக்கு மாத்தணும்.

இப்போ நட்சத்திரத்துக்கு வருவோம். 2024 ஜனவரி 25, தைப்பூசத்தன்று ஒரு குழந்தை பிறந்ததா வைங்க. தை மாதம், பூச நட்சத்திரம். போன் ஆயுசுக்கும் ஜனவரி 25-னுதான் சொல்லும். தைப்பூசமோ 2025-ல் பிப்ரவரி 11, 2026-ல் பிப்ரவரி 1. நிலா 27 நட்சத்திரத்தையும் சுற்றி வர ஏறக்குறைய 27 நாள் ஆகுது, தமிழ் மாதத்துக்கு 29 முதல் 32 நாள். அதனால ஒரே மாதத்தில் ஒரு நட்சத்திரம் இரண்டு தடவையும் வரலாம். 2025 தையில் பூசம் பொங்கலையொட்டி ஒரு முறை, பௌர்ணமியோடு பிப்ரவரி 11-ல் இன்னொரு முறை வந்துச்சு. அப்படி வந்தா எதை எடுக்கணும்னு குருக்களைக் கேட்டுக்குங்க, குடும்பத்துக்குக் குடும்பம் வழக்கம் வேற.

அதனால நாங்க சொல்ற வழி இது. பெயரின் Notes பகுதியில் "தை, பூசம்"னு எழுதி வைங்க. சித்திரையில் புதுப் பஞ்சாங்கம் வாங்கினதும், வீட்டில் உள்ளவங்க நட்சத்திர நாளை ஒவ்வொன்றா பார்த்து காலண்டரில் பதிங்க. ஆண்டுதோறும் திரும்ப வரும்படி மட்டும் போடாதீங்க, Does not repeat இருக்கட்டும். நினைவூட்டல் ஒரு வாரம் முன்னாடி. தமிழ்நாட்டுப் பஞ்சாங்கம்னா அதில் உள்ள நேரத்தோடு இரண்டரை மணி கூட்டணும். அங்க ராத்திரி பத்துக்குத் தொடங்குற நட்சத்திரம் இங்க மறுநாள் விடியக்காலை பன்னிரண்டரைக்குத்தான் தொடங்கும், தேதியே மாறிடும்.

அப்பா அம்மா திதிக்கும் இதேதான். இறந்த ஆங்கிலத் தேதியைப் போனில் போட்டுட்டு, திதி கடந்து போன பிறகு கோயிலுக்கு வர்றவங்களைப் பார்க்கிறப்போ எங்களுக்கே மனசு கேட்கலை. மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி, இந்த மூன்றையும் இன்னைக்கே வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு எழுதிக்குங்க.