வளையத்துக்குள் அடங்காத பாறை

பெங்களூருவில் நிலவியல் முதலாண்டு மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பெடுத்த ஆய்வு மாணவி ஒருவர், பாறைச் சுழற்சியைக் கரும்பலகையில் வட்டமாக வரைந்தார். பாறைக்குழம்பு, தீப்பாறை, படிவுகள், படிவுப்பாறை, உருமாறிய பாறை என ஐந்து கட்டங்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஐந்து அம்புகள். பள்ளியில் அவர் கற்ற வடிவமும் அதுவே.

மறுவாரம் மாணவர்கள் லால்பாக் பாறைக்குன்றின்மேல் நின்றனர். சுமார் 300 கோடி ஆண்டுகள் பழமையான தீபகற்ப நைஸ் அது. வெளிர் பட்டைகளும் கரும்பட்டைகளும் மாறிமாறி ஓடும் உருமாறிய பாறை. "அப்படியானால் இது முன்பு படிவுப்பாறையாக இருந்ததா, மேடம்?" என்று ஒரு மாணவன் கேட்டான். வட்டத்தின்படி விடை 'ஆம்'. உண்மையான விடை 'இல்லை'. இந்த நைஸின் பெரும்பகுதி, கிரானைட்டை ஒத்த தீப்பாறை ஆழத்தில் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உட்பட்டு உருமாறியது. கேள்வியில் பிழையில்லை, பிழை படத்தில் இருந்தது.

அடுத்த வகுப்பில் அவர் வட்டத்தை அழித்துவிட்டு ஐந்து கட்டங்களையும் மீண்டும் எழுதினார். இம்முறை ஒரு விதி வகுத்துக்கொண்டார்: கட்டத்துக்குள் பொருள் மட்டும், அம்பின்மேல் செயல்முறை மட்டும். பழைய ஐந்து அம்புகளும் அப்படியே நின்றன. அவற்றோடு மூன்று சேர்ந்தன. தீப்பாறையிலிருந்து உருமாறிய பாறைக்கு நேராக ஓர் அம்பு; அதன்மேல் 'வெப்பம், அழுத்தம்'. உருமாறிய பாறையிலிருந்து படிவுகளுக்கு ஒன்று. படிவுப்பாறையிலிருந்து மீண்டும் படிவுகளுக்கே ஒன்று.

பின்னிரண்டு அம்புகளின்மேல் 'வானிலைச் சிதைவு, அரிப்பு' என்று எழுதியதும் இன்னொரு குறை தெரிந்தது. ஆழத்தில் உருவான பாறையை மழை எப்படித் தொடும்? அது மேலுயர வேண்டும். மேலிருந்த பாறை அரிக்கப்பட்டு நீங்க வேண்டும். லால்பாக் பாறையின்மேல் இன்று கால்பதிக்க முடிவதும் அதனால்தான். ஆகவே சிதைவுக்கு முன்னே 'மேலுயர்வு' என்ற சொல் சேர்ந்தது.

உருகுதலைக் குறிக்கும் அம்பை மாணவர்கள் பலர் நேராகத் தீப்பாறைக்கே இழுத்தனர். அவர் ராமநகரத்தின் குன்றுகளை எடுத்துக்காட்டினார். குளோஸ்பெட் கிரானைட் எனப்படும் அப்பாறை சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானது. பழைய நைஸ் உருகியதும் அதன் குழம்பில் ஒரு பங்கு. உருகினால் கிடைப்பது குழம்பு. அது குளிர்ந்து படிகமான பின்னரே தீப்பாறை. எனவே உருகும் அம்பு பாறைக்குழம்பில் முடிய வேண்டும். சிதையும் அம்பு படிவுகளில் முடிய வேண்டும். படத்தைச் சரிபார்க்க இவ்விரண்டையும் பார்த்தாலே பெரும்பாலான பிழைகள் அகப்பட்டுவிடும்.

கேள்வி கேட்ட மாணவன் லால்பாக் பாறையின் பயணத்தைப் புதிய படத்தில் விரலால் தொடர்ந்தான். குழம்பு, தீப்பாறை, உருமாறிய பாறை. அதோடு விரல் நின்றது. அங்கிருந்து இரண்டு அம்புகள் பிரிந்தன. ஒன்று ராமநகரத்தின் கதை. மற்றொன்று, குன்றின் ஓரத்தில் அவன் காலணியில் ஒட்டிவந்த செம்மண்ணின் கதை.